92 ஆ, 95 ஆ? ஒக்டேன் இலக்கம் உண்மையில் எதைச் சொல்கிறது

பெற்றோல் செட்டில் வண்டியை நிறுத்தியதும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "92 ஆ, 95 ஆ?" பெரும்பாலானோர் 92 என்று சொல்லிவிட்டுக் காசை நீட்டுகிறார்கள். ஆனால் புதிதாக மோட்டார் சைக்கிள் எடுத்தவர்களும், கடன்பட்டு வாங்கிய ஓட்டோவைக் கண்ணும் கருத்துமாகப் பார்ப்பவர்களும் வேறுவிதமாக நினைக்கிறார்கள். 95 அடித்தால் 'பிக்கப்' கூடும், என்ஜின் சுத்தமாக இருக்கும், கிலோமீற்றரும் கூடுதலாகக் கிடைக்கும் என்பது பரவலான நம்பிக்கை. விலை கூடியது தரத்திலும் கூடியதாகத்தானே இருக்கவேண்டும் என்ற எண்ணம் அதற்குப் பின்னால் இருக்கிறது.

அந்த எண்ணம் இந்த இடத்தில் பொருந்தாது. ஒக்டேன் என்பது பெற்றோலின் பலத்தை அளக்கும் இலக்கம் அல்ல. ஒரு லீற்றர் 92 இல் இருக்கும் சக்தியும் ஒரு லீற்றர் 95 இல் இருக்கும் சக்தியும் ஏறத்தாழ ஒன்றே. அந்த இலக்கம் சொல்வது வேறொரு குணத்தை: நெருக்கி அமுக்கும்போது பெற்றோல் தானாகத் தீப்பற்றாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதை.

சிலிண்டருக்குள் நடப்பதைப் பார்த்தால் இது விளங்கும். காற்றும் பெற்றோல் ஆவியும் கலந்த கலவை உள்ளே வருகிறது. பிஸ்டன் மேலே எழுந்து அதை அமுக்குகிறது. அமுக்கும்போது கலவை சூடாகிறது. சைக்கிள் பம்பால் காற்றடிக்கும்போது பம்பின் அடி சூடாவதைப் போல. பிஸ்டன் உச்சியை நெருங்கும் நேரத்தில் பிளக் பொறி விடுகிறது. பொறியிலிருந்து கிளம்பும் சுவாலை கலவைக்குள் ஒழுங்காகப் பரவி, பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. இது சரியான எரிதல்.

ஆனால் பிளக்கிலிருந்து தூரத்தில், சிலிண்டரின் ஓரத்தில் இன்னும் எரியாத கொஞ்சக் கலவை காத்திருக்கிறது. பிஸ்டன் அமுக்கியதோடு, பரவிவரும் சுவாலையும் அதை மேலும் நெருக்கிச் சூடாக்குகிறது. அந்தச் சூட்டைத் தாங்கமுடியாமல், சுவாலை வந்து சேருமுன்னரே அது தானாக வெடித்தால், சிலிண்டருக்குள் ஓர் அழுத்த அலை மோதுகிறது. வெளியே நமக்குக் கேட்பது இரும்பில் சிறு சுத்தியலால் தட்டுவது போன்ற 'டிங் டிங்' ஓசை. கராஜ்களில் இதைத்தான் 'நொக் பண்ணுது' என்கிறார்கள். தொடர்ந்து நடந்தால் பிஸ்டனின் தலை அளவுக்கு மீறிச் சூடாகி அரிபடும், ரிங் இருக்கும் விளிம்பு உடையும், மோசமான நிலையில் பிஸ்டனில் ஓட்டையே விழும்.

இந்தத் தானாக வெடிக்கும் குணத்துக்கு எதிரான தாக்குப்பிடிப்பே ஒக்டேன் இலக்கம்.

மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்

வடக்கில் இதைப் புத்தகத்தில் படிக்கத் தேவையில்லாத ஒரு தலைமுறை இருக்கிறது. 1990 களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காமல் போனபோது, சில துளி பெற்றோலை விட்டு ஸ்டார்ட் செய்து, என்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி வண்டி ஓட்டினார்கள். வெள்ளைப் புகையும் அந்த மணமும் அந்தக் காலத்தை அறிந்தவர்களுக்கு மறக்காது.

அங்கே இரண்டு வேறு பிரச்சினைகள் இருந்தன. முதலாவது, மண்ணெண்ணெய் குளிர்ந்த என்ஜினில் ஆவியாகாது. அதற்காகத்தான் அந்தச் சில துளி பெற்றோல். அது ஒக்டேனோடு சம்பந்தப்பட்டதல்ல. இரண்டாவதுதான் நமது விடயம். மண்ணெண்ணெயின் ஒக்டேன் இலக்கம் பெற்றோலின் பாதியைக்கூட எட்டாது. அமுக்கினால் மிக எளிதாகத் தானே வெடிக்கும். அப்படியிருந்தும் ஒஸ்ரின் சோமசெற்றும் மொறிஸ் மைனரும் எப்படி ஓடின?

காரணம் அவற்றின் பழைமைதான். அந்தக் காலத்து என்ஜின்கள் கலவையை ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காக மட்டுமே அமுக்கின. அமுக்கம் குறைவு என்றால் சூடு குறைவு. மெதுவாக, அக்சிலேற்றரை முழுதாக முறுக்காமல் ஓடினால் மண்ணெண்ணெயும் ஓரளவு தாக்குப்பிடித்தது. அப்படியும் ஏற்றமோ பாரமோ வந்தால் தட்டல் கேட்டது. எரியாத மண்ணெண்ணெய் ரிங்குகளைத் தாண்டிக் கீழே வடிந்து என்ஜின் ஒயிலைத் தண்ணியாக்கியது. என்ஜின்கள் சீக்கிரம் தேய்ந்தன.

இன்றைய மோட்டார் சைக்கிளில் அதே வித்தையைச் செய்யமுடியாது. உதாரணமாக பஜாஜ் பல்சர் 150 கலவையை 9.5 இல் ஒரு பங்காக அமுக்குகிறது. இந்த அளவைத்தான் அமுக்க விகிதம் என்கிறோம். அமுக்க விகிதம் கூடினால் அதே பெற்றோலிலிருந்து கூடுதல் வேலையை எடுக்கலாம். ஆனால் அதற்குத் தாக்குப்பிடிக்கும் எரிபொருள் வேண்டும். ஆகவே என்ஜின் தான் முதலில். எந்த ஒக்டேன் வேண்டும் என்பதை அதை வடிவமைத்தவர் தீர்மானிக்கிறார். தேவையான அளவு ஒக்டேன் கிடைத்தபின், அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு இலக்கமும் என்ஜினுக்குப் பயன்படாத தாக்குப்பிடிப்பு மட்டுமே. ஆறடி வெள்ளம் வரும் இடத்தில் எட்டடி அணை கட்டினால், அந்த மேலதிக இரண்டடியால் வயலுக்குத் தண்ணீர் கூடுதலாக வராது.

இலக்கம் எங்கிருந்து வருகிறது

92 என்ற எண் ஓர் ஒப்பீடு. ஐசோ ஒக்டேன் என்ற திரவம் தட்டலை நன்றாக எதிர்க்கும். அதற்கு 100 கொடுத்தார்கள். ஹெப்டேன் என்ற திரவம் எளிதில் தட்டும், அதற்கு 0. ஆய்வுகூடத்தில் அமுக்க விகிதத்தை மாற்றக்கூடிய ஒற்றைச் சிலிண்டர் என்ஜின் ஒன்று இருக்கும். அதில் நமது பெற்றோலை ஓட்டி எங்கே தட்டுகிறது என்று பார்க்கிறார்கள். 92 பங்கு ஐசோ ஒக்டேனும் 8 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை எப்படித் தட்டுமோ, அதே போலத் தட்டினால் அந்தப் பெற்றோல் 92. பெற்றோலுக்குள் 92 வீதம் ஒக்டேன் இருக்கிறது என்பது அர்த்தமல்ல.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். கனடாவிலிருந்து வரும் உறவினர் அங்கே 87 தான் அடிக்கிறோம் என்பார். லண்டனிலிருந்து வருபவர் அங்கே சாதாரணமே 95 என்பார். இருவர் சொல்வதும் சரி. ஒரே பெற்றோலை இரண்டு முறைகளில் சோதிக்கலாம். மென்மையான சோதனையில் வரும் இலக்கத்தை நாமும் ஐரோப்பாவும் ஜப்பானும் பம்பில் எழுதுகிறோம். வட அமெரிக்காவில் அதையும், கடுமையான இன்னொரு சோதனையில் வரும் குறைந்த இலக்கத்தையும் கூட்டி இரண்டால் வகுத்து எழுதுகிறார்கள். ஆகவே கனடாவின் 87 நமது கணக்கில் ஏறத்தாழ 91, 92 தான். ரொறன்ரோவில் பெரும்பாலான கார்கள் ஓடுவது நமது 92 க்குச் சமமான பெற்றோலில்.

நமது வண்டிகள் எந்தப் பெற்றோலுக்குப் பிறந்தவை

இதுதான் முடிவைத் தரும் கேள்வி. நமது வீதிகளில் ஓடும் மோட்டார் சைக்கிள்களிலும் ஓட்டோக்களிலும் பெரும்பாலானவை இந்தியத் தயாரிப்புகள்: பஜாஜ், ஹீரோ, ரி.வி.எஸ், இந்தியாவில் செய்யப்படும் ஹொண்டா. இந்தியாவில் நீண்டகாலமாகச் சாதாரண பெற்றோலுக்கான குறைந்தபட்ச அளவு 91. அங்கே கிராமத்துப் பம்பில் கிடைப்பதும் அதுதான். அந்தப் பெற்றோலில், அங்கத்தைய வெயிலில், மூன்று பேரை ஏற்றிக்கொண்டு ஓடவேண்டும் என்று கணக்கிட்டே அந்த என்ஜின்கள் செய்யப்பட்டன. இங்கே கிடைக்கும் ஆகக் குறைந்த வகையே 92.

அண்மைக் காலத்தில் இந்தியா 20 வீதம் எத்தனோல் கலந்த பெற்றோலுக்கு மாறியிருக்கிறது. எத்தனோல் ஒக்டேனை உயர்த்தும். எனவே இனி வரும் மொடல்களுக்குக் கைநூலைப் பார்த்துக்கொள்வது நல்லது. ஆனால் 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல்தான் மீண்டும் திறந்தது. இன்று நாம் ஓட்டும் வண்டிகளில் மிகப்பெரும் பகுதி அந்த மாற்றத்துக்கு முந்தியவை.

ஜப்பானிலிருந்து வந்த பாவித்த கார்களின் கதை இன்னும் தெளிவு. ஜப்பானில் 'ரெகுலர்' பெற்றோலின் குறைந்தபட்ச அளவு 89. 'ஹை ஒக்டேன்' எனப்படுவது 96. விற்ஸ், அக்வா, வகன் ஆர் போன்ற சிறிய கார்கள் அங்கே ரெகுலரில் ஓடச் செய்யப்பட்டவை. அதாவது நமது 92 அவற்றுக்குத் தேவையானதைவிட மூன்று இலக்கம் கூடியது.

அக்வாவின் அமுக்க விகிதம் 13.4 என்று எழுதியிருப்பதைப் பார்த்து, இதற்கு 95 கட்டாயம் என்று சிலர் வாதிடுவதுண்டு. காகிதத்தில் அது நியாயமாகத் தெரியும். ஆனால் அந்த ஹைபிரிட் என்ஜின் பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பின்னும் உள்வரும் வால்வைத் திறந்தே வைத்திருக்கிறது. கலவையில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பிவிடுகிறது. உண்மையில் அமுக்கப்படுவது காகிதத்தில் உள்ளதைவிட மிகக் குறைவு. ஆகவே அமுக்க விகிதத்தை மட்டும் வைத்து ஒக்டேனைத் தீர்மானிக்கக்கூடாது. தயாரிப்பாளர் கைநூலில் அல்லது பெற்றோல் மூடியின் உட்புறத்தில் எழுதியிருப்பதே முடிவு.

பணக் கணக்கு

சாவகச்சேரிப் பக்கத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வேலைக்கு வந்துபோகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு 40 கிலோமீற்றர், மாதத்துக்கு 25 நாள், ஆக 1,000 கிலோமீற்றர். மோட்டார் சைக்கிள் லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடினால் மாதம் 20 லீற்றர். விலைகள் அடிக்கடி மாறுவதால், கணக்குக்காக 92 ஐ 300 ரூபா என்றும் 95 ஐ 350 ரூபா என்றும் வைப்போம். வித்தியாசம் மாதம் 1,000 ரூபா, ஆண்டுக்கு 12,000.

அந்தப் பணம் திரும்பி வரவேண்டுமானால் அதே வண்டி 95 இல் லீற்றருக்கு 58 கிலோமீற்றருக்கு மேல் ஓடவேண்டும். அது நடக்காது. காபரேற்றர் உள்ள சாதாரண மோட்டார் சைக்கிளுக்குத் தொட்டியில் இருப்பது 92 ஆ 95 ஆ என்று அறியும் வழியே இல்லை. பொறி விடும் நேரம் முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டது. எந்தப் பெற்றோலை ஊற்றினாலும் அதே நேரத்தில்தான் பிளக் பொறி விடும், அதே சுவாலைதான் எழும். நாளுக்கு 100 கிலோமீற்றர் ஓடும் ஓட்டோக்காரருக்கு இழப்பு இன்னும் பெரிது: லீற்றருக்கு 25 கிலோமீற்றர் என்றால் நாளுக்கு 200 ரூபா, மாதம் 5,000.

கார்களில் ஒரு சிறு வேறுபாடு உண்டு. இன்றைய கார் என்ஜினில் தட்டலைக் கேட்கும் உணரி இருக்கிறது. தட்டல் தொடங்கினால் கணினி பொறி விடும் நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடும். 95 ஊற்றினால் அப்படித் தள்ளவேண்டிய தேவை குறையலாம். ஆனால் 92 இலேயே தட்டாத காரில் அந்த உணரிக்கு வேலை இல்லை. அதனால் இலாபமும் இல்லை. அமெரிக்காவின் வாகன ஓட்டுநர் சங்கமான ஏ.ஏ.ஏ 2016 இல் சாதாரண பெற்றோலுக்காகச் செய்யப்பட்ட கார்களில் விலை கூடிய பெற்றோலை ஊற்றிச் சோதித்தது. வலுவிலோ எரிபொருள் செலவிலோ புகையிலோ பொருட்படுத்தத்தக்க நன்மை எதுவும் கிடைக்கவில்லை.

'என்ஜின் சுத்தமாகும்' என்பதும் ஒக்டேனின் வேலை அல்ல. சுத்தம் செய்வது பெற்றோலில் தனியாகக் கலக்கப்படும் இரசாயனங்கள். அவை எந்த இலக்கத்துப் பெற்றோலிலும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். யூரோ 3, யூரோ 4 என்ற பெயர்கள் இன்னொரு விடயம். அவை முக்கியமாகக் கந்தகத்தின் அளவைப் பற்றியவை. புகைக்கும் புகைக்குழாயில் உள்ள வடிகட்டிக்கும் அது நல்லது. அதை ஒக்டேனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக்கூடாது.

யாருக்கு 95 உண்மையில் வேண்டும்? கைநூலில் 95 என்று எழுதப்பட்ட வண்டிக்கு. டேர்போ பொருத்திய கார்களில் பல, ஐரோப்பியக் கார்களில் அநேகமானவை, அமுக்க விகிதம் கூடிய சில பெரிய மோட்டார் சைக்கிள்கள் இந்த வகை. இவற்றில் 92 ஊற்றிக் காசு மிச்சம் பிடிப்பது பிழையான சிக்கனம். 2022 இல் வரிசையில் நின்று கிடைத்ததை அடித்த நாட்களைப் போன்ற நிலை வந்தால், அவர்கள் அக்சிலேற்றரை முழுதாக அமுக்காமல், பாரம் குறைத்து, அடுத்த முறை 95 கிடைக்கும்வரை மெதுவாக ஓட்டலாம்.

92 இலேயே தட்டினால்

கைநூல் 91 போதும் என்று சொல்லியும் உங்கள் வண்டி தட்டுகிறதென்றால், 95 க்கு மாறுவது நோயை மறைக்கும் மாத்திரை. முதலில் அது தட்டல்தானா என்று பார்க்கவேண்டும். வண்டியை நிறுத்தி வைத்து ஐட்லிங்கில் 'டிக் டிக்' என்று கேட்டால் அது பெரும்பாலும் ரப்பெற் இடைவெளியின் சத்தம். தட்டல் பாரத்தில்தான் வரும். கூடிய கியரில், குறைந்த வேகத்தில், அக்சிலேற்றரை முழுதாக முறுக்கும்போது கேட்கும். முறுக்கியதை விட்டவுடன் நின்றுவிடும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஏற்றம் இல்லாததால் பல வண்டிகளில் அது வெளியே தெரியாமலே இருக்கும். இருவரை ஏற்றிக்கொண்டு ஏ9 இல் மாத்தளை தாண்டிக் கண்டிக்கு ஏறும்போது முதல்முறையாகக் கேட்கும். அப்போது உடனே செய்யவேண்டியது கியரைக் குறைப்பதுதான். அநேகமாக அதோடு சத்தம் நிற்கும். (இன்னும் மேலே நுவரெலியாவுக்குப் போனால் காற்று மெலிவதால் தட்டல் குறையும் என்பது ஒரு சுவையான உண்மை.)

கியரைக் குறைத்தும் நிற்காவிட்டால், முதற் சந்தேகம் கரி. பல ஆண்டு ஓடிய என்ஜினில் பிஸ்டன் தலையிலும் சிலிண்டர் ஹெட்டிலும் கரி படியும். அது இடத்தை அடைத்து அமுக்கத்தைக் கூட்டும்; சூட்டையும் பிடித்து வைத்திருக்கும். அப்படிப்பட்ட என்ஜின் புதிதாக இருந்தபோது கேட்டதைவிடக் கூடிய ஒக்டேனைக் கேட்கும். கராஜில் ஹெட்டைக் கழற்றிக் கரியைச் சுரண்டினால் பழைய நிலைக்கு வரும். அதற்கு முன் செலவு குறைந்தவற்றைப் பார்க்கலாம்: பிளக் கைநூலில் சொன்ன இலக்கந்தானா, காபரேற்றர் ஜெற்றில் தூசி அடைத்துப் பெற்றோல் குறைவாகப் போகிறதா, சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளில் சேறு காய்ந்து காற்றை மறிக்கிறதா.

இரண்டாவது சந்தேகம் பெற்றோலே. ஒரு குறிப்பிட்ட இடத்தில் அடித்த பிறகு மட்டும் தட்டல் வருகிறதென்றால் மண்ணெண்ணெய்க் கலப்படத்தை நினைக்கவேண்டும். மண்ணெண்ணெயின் இலக்கத்தை 25 என்று வைத்தால், பத்தில் ஒரு பங்கு கலந்தாலே 92 எளிய கணக்கில் 85 அளவுக்கு இறங்கிவிடும். வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. அருகில் நெருப்பு இல்லாத, காற்றோட்டமான இடத்தில், சுத்தமான வெள்ளைத் தாளில் இரண்டு துளி பெற்றோல் விடுங்கள். நல்ல பெற்றோல் சில நிமிடங்களில் காய்ந்துவிடும். நிறத்தின் மெல்லிய தடம் இருந்தாலும் பிசுக்கு இராது. எண்ணெய் பட்டது போன்ற கறை தங்கினால் சந்தேகப்படலாம். கொஞ்சமாகக் கலந்திருந்தால் இந்தச் சோதனையில் அகப்படாது என்பதையும் சொல்லவேண்டும். அப்போது நம்பகமான வேறொரு செட்டில் ஒரு தொட்டி 92 அடித்து ஓடிப் பார்ப்பதுதான் வழி. சத்தம் போய்விட்டால் குற்றவாளி பழைய பெற்றோல். போகாவிட்டால் ஒரேயொரு தொட்டி 95 அடித்துப் பாருங்கள். அதில் நின்றால் என்ஜினில் கரியோ சூடோ கூடியிருக்கிறது. கராஜுக்குக் கொண்டுபோய்ச் சுத்தம் செய்தபின் 92 க்கே திரும்பலாம். 95 இலும் நிற்காவிட்டால் அது பெரும்பாலும் பெற்றோலால் வரும் சத்தம் அல்ல. கிராங்கின் பெயரிங்கையும் பிஸ்டன் பின்னையும் மெக்கானிக்கிடம் காட்டிப் பார்க்கச் சொல்லவேண்டும்; அதைத் தள்ளிப்போடக்கூடாது.